ஒரே பில், இரண்டு வட்டி

அமெரிக்கக் கருவூலத் துறை வழக்கமாகத் திங்கட்கிழமைகளில் 13 வார, 26 வார டிரெஷரி பில்களை ஏலம் விடுகிறது. ஏலம் முடிந்ததும் ஒரு பக்க அறிக்கை வெளியாகும். அதில் பொதுமக்கள் கண்ணில் படவேண்டிய எண்கள் மூன்றுதான். ‘ஹை ரேட்’ என்று ஒன்று, ‘பிரைஸ்’ என்று ஒன்று, ‘இன்வெஸ்ட்மென்ட் ரேட்’ என்று ஒன்று. கணக்குக்கு வசதியாக ஒரு 91 நாள் பில்லை எடுத்துக்கொள்வோம். ஹை ரேட் 5.000 சதவீதம். விலை, நூறு டாலருக்கு 98.736111. இன்வெஸ்ட்மென்ட் ரேட் 5.134 சதவீதம்.

பில் ஒன்று, விலை ஒன்று, கெடுவும் ஒன்று. பிறகு ஏன் இரண்டு விகிதம்? முதலாவது கழிவு விகிதம். இரண்டாவது, மற்ற கடன் பத்திரங்களோடு ஒப்பிடுவதற்காகக் கணக்கிடப்படும் விகிதம். சந்தையில் அதை ‘பாண்ட் ஈக்விவலன்ட் யீல்டு’ என்பார்கள், நாம் பத்திர இணை விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள 0.134 சதவீதம் சிறியதாகத் தெரியலாம். பணச்சந்தையில் நூறில் ஒரு பங்கு சதவீதத்துக்கே, அதாவது ஒரு பேசிஸ் பாயின்டுக்கே, பேரம் நடக்கும். இங்கே இருப்பது பதின்மூன்றுக்கும் மேல்.

டிரெஷரி பில்லுக்கு வட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. முகமதிப்புக்குக் குறைவான விலைக்கு வாங்க வேண்டும். கெடு முடியும் நாளில் அரசு முகமதிப்பை முழுதாகக் கொடுக்கும். இடையில் உள்ள வித்தியாசம்தான் வருமானம். அந்த விலை எப்படி வருகிறது என்று பார்த்தால் கழிவு விகிதத்தின் குணம் புரிந்துவிடும். நூறு டாலர் முகமதிப்பில் ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் 5 டாலர். 91 நாளுக்கு அதில் 360-ல் 91 பங்கு, அதாவது 1.263889 டாலர். நூறிலிருந்து இதைக் கழித்தால் 98.736111. ஏலத்தில் பெரிய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் விலையைக் குறிப்பிட்டுக் கேட்பதில்லை. இந்தக் கழிவு விகிதத்தைத்தான் 0.005 சதவீதப் படிகளில் எழுதித் தருகிறார்கள். விலை அதிலிருந்து பிறக்கிறது.

பத்தாயிரம் டாலர் முகமதிப்புள்ள பில்லை வாங்குபவர் கையிலிருந்து போவது 9,873 டாலர் 61 சென்ட். 91 நாள் கழித்து வருவது பத்தாயிரம். லாபம் 126 டாலர் 39 சென்ட். இவ்வளவுதான் நடப்பு. இதை ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வதில்தான் இரண்டு வழக்கங்களும் பிரிகின்றன.

கழிவு விகிதம் இரண்டு இடங்களில் உண்மையை விட்டு விலகுகிறது. முதலாவது, ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துக்கொள்கிறது. இருக்கும் நாட்களோ 365. 5 சதவீதத்தை 365 நாளுக்கு நீட்டினால் 5.069 ஆகும். ஏறத்தாழ 7 பேசிஸ் பாயின்ட் இங்கேயே போய்விட்டது.

இரண்டாவது விலகல் இன்னும் அடிப்படையானது. கழிவு விகிதம் லாபத்தை நூறால் வகுக்கிறது. ஆனால் நாம் போட்ட முதல் நூறு இல்லை, 98 டாலர் 74 சென்ட்தான். நம் ஊர்த் தண்டல்காரர் பத்தாயிரம் கடனுக்கு வட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் தருகிறார் என்றால், அவர் சொல்லும் கணக்கு ‘பத்து சதவீதம்’. வாங்கியவர் கையில் புரளும் பணம் ஒன்பதாயிரம்தான். அதற்கு ஆயிரம் வட்டி என்றால் 11.1 சதவீதம். டிரெஷரி பில்லில் தண்டல்காரர் இடத்தில் இருப்பது நாம், கடன் வாங்குவது அமெரிக்க அரசு. சொல்லப்படும் விகிதத்தைவிட நமக்கு வருவது கூடுதல். 5.069-ஐ 0.98736-ஆல் வகுத்தால் 5.134 கிடைக்கும். மீதி ஆறரை பேசிஸ் பாயின்டின் கணக்கு அதுதான்.

பத்திர இணை விகிதத்தை நேராகப் போடுவதும் எளிது. லாபத்தை விலையால் வகுத்து, 365-ஆல் பெருக்கி, நாட்களால் வகுக்க வேண்டும்: 1.263889-ஐ 98.736111-ஆல் வகுத்து 365/91-ஆல் பெருக்கினால் அதே 5.134. போட்ட முதலுக்கு எவ்வளவு என்று நாம் இயல்பாகக் கேட்கும் கேள்விக்கு இதுதான் பதில். அமெரிக்கக் கருவூலம் ஐந்து, பத்து ஆண்டுப் பத்திரங்களுக்கு வட்டி சொல்லும் முறையோடும் இது பொருந்துகிறது. பெயர் அதனால்தான் வந்தது.

இப்படித் தெளிவான கணக்கு ஒன்று இருக்கும்போது, கழிவு விகிதம் இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறது? இதற்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு 1877-ல் முதன்முதலாக டிரெஷரி பில் வெளியிட்டபோது, யோசனை சொன்னவர் ‘எகானமிஸ்ட்’ இதழின் ஆசிரியர் வால்டர் பேஜட். வணிகர்கள் எழுதிக்கொடுக்கும் உண்டியல் எந்த வடிவில் இருக்கிறதோ, அதே வடிவில் அரசின் உண்டியலும் இருக்கட்டும் என்பதே அவர் யோசனை. வணிக உண்டியலை வங்கி எடுத்துக்கொள்ளும்போது, அதில் எழுதியிருக்கும் தொகையிலிருந்து கழிவைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். அந்தத் தொழிலில் கழிவு முகமதிப்பின் மேல்தான் கணக்கிடப்படும், ஏனென்றால் காகிதத்தில் எழுதியிருக்கும் ஒரே தொகை அதுதான். அமெரிக்கா 1929 டிசம்பரில் தன் முதல் பில்களை ஏலம் விட்டது. வங்கிகளின் கழிவு வழக்கமும் 360 நாள் ஆண்டும் அங்கே பில்லோடு ஒட்டிக்கொண்டன.

ஒட்டிக்கொண்டது சோம்பலால் மட்டும் அல்ல. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இது அருமையான கருவி. 360 என்பது 30, 60, 90, 120, 180 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும். பத்து லட்சம் டாலர் முகமதிப்புள்ள 90 நாள் பில்லில் கழிவு விகிதம் ஒரு பேசிஸ் பாயின்ட் அசைந்தால், விலை சரியாக 25 டாலர் அசையும். ஒரு சென்ட் கூடாது, குறையாது. 1976 ஜனவரியில் சிகாகோவில் டிரெஷரி பில்லுக்கு முன்பேர வணிகம் தொடங்கியபோது, ஒப்பந்தத்தை இந்த 25 டாலரின் மேல்தான் கட்டினார்கள். பத்திர இணை விகிதத்தில் இப்படி ஒரு நேர்க்கோட்டு உறவு கிடையாது. விலை மாறும்போது வகுக்கும் எண்ணும் மாறிவிடுகிறது. ஆகவே கழிவு விகிதத்தை வருமானமாகப் பார்க்காமல், விலையைச் சொல்வதற்கான சுருக்கெழுத்தாகப் பார்த்தால் அதன் மேல் கோபம் வராது. வியாபாரிகள் அப்படித்தான் பார்க்கிறார்கள். சிக்கல் அவர்களுக்கு இல்லை. அந்தச் சுருக்கெழுத்தைச் செய்தியில் வட்டி என்று படிப்பவர்களுக்குத்தான்.

வியாபாரிகளின் திரையில் இதற்கு ஒரு விநோதமான அடையாளமும் உண்டு. எந்தச் சந்தையிலும் வாங்கும் விலை குறைவாகவும் விற்கும் விலை கூடுதலாகவும் இருக்கும். டிரெஷரி பில்லின் விலைப்பட்டியலில் வாங்கும் பக்கம் 5.02, விற்கும் பக்கம் 5.00 என்று தலைகீழாக இருக்கும். இதில் பிழை ஏதும் இல்லை. கழிவு கூடினால் விலை குறையும். நம் 91 நாள் பில்லில் பத்து லட்சம் டாலர் முகமதிப்பை, 5.02 கழிவில் அந்த வியாபாரி 9,87,310 டாலர் 56 சென்டுக்கு வாங்கிக்கொள்வார், 5.00 கழிவில் 9,87,361 டாலர் 11 சென்டுக்கு விற்பார். நடுவில் இருக்கும் ஐம்பது டாலர் அவர் பிழைப்பு. ஒரு பட்டியலில் வாங்கும் எண் விற்கும் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால், நீங்கள் விலையைப் பார்க்கவில்லை, விகிதத்தைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். பில்லாக இருந்தால் அது பெரும்பாலும் கழிவு விகிதம். செய்தித்தாள் பட்டியல்களில் கடைசிக் கட்டத்தில் தனியாக ‘யீல்டு’ என்று ஒன்று போட்டிருப்பார்கள். முதலீட்டாளருக்குத் தேவையானது அதுதான்.

இரண்டு விகிதங்களுக்கும் உள்ள இடைவெளி நிலையானதும் அல்ல. நாள் கணக்கினால் வரும் பங்கு எப்போதும் விகிதத்தோடு சேர்ந்தே வளரும், 360-க்கு 5 என்ற அளவில். முதலை மாற்றுவதால் வரும் பங்கு அதைவிட வேகமாக வளரும். நம் எடுத்துக்காட்டில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தது தற்செயல்தான். 2008 நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் மூன்று மாத பில் பல காலம் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. 0.05 சதவீதக் கழிவு என்றால் பத்திர இணை விகிதம் 0.051. அந்த நாட்களில் எதைச் சொன்னாலும் ஒன்றுதான்.

1981-க்குப் போனால் கதை வேறு. பால் வோல்க்கர் மத்திய வங்கித் தலைவராக இருந்து பணவீக்கத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த ஆண்டு மே மாதத்தில் மூன்று மாத பில்லின் கழிவு விகிதம் 16 சதவீதத்தைத் தாண்டியது. 91 நாளுக்கு 16 சதவீதக் கழிவு என்றால் விலை 95.96 டாலர், பத்திர இணை விகிதம் 16.91. ஏறத்தாழ ஒரு முழு சதவீதம் பார்வையிலிருந்து மறைந்திருக்கிறது. அதே கழிவில் 182 நாள் பில் என்றால் 17.65. கெடு நீள நீள விலை முகமதிப்பிலிருந்து விலகிப் போவதால், ஒரே கழிவு விகிதம் இரண்டு கெடுக்களில் இரண்டு வருமானங்களைக் குறிக்கிறது. (இந்த எண்ணின் விசித்திரத்துக்கு எல்லையே வேண்டுமானால்: 91 நாள் பில்லை அரசு இலவசமாகக் கொடுத்தாலும் அதன் கழிவு விகிதம் 396 சதவீதத்தைத் தாண்டாது. அதன் வருமானத்தையோ கணக்கிடவே முடியாது.)

தவறு நேரும் இடம் ஒப்பீடு. குறுகிய கால வட்டி, நீண்ட கால வட்டியைவிட மேலே போய்விட்டால் மந்தநிலை வரக்கூடும் என்று அமெரிக்காவில் ஒரு பழைய கணிப்பு உண்டு. பத்தாண்டுப் பத்திரத்தின் விகிதத்திலிருந்து மூன்று மாத பில்லின் விகிதத்தைக் கழித்து, விடை கூட்டலா கழித்தலா என்று பார்ப்பார்கள். பத்தாண்டு விகிதம் 5.10 என்று வைத்துக்கொள்வோம். பில் 5.00 என்று எடுத்தால் இடைவெளி கூட்டலில் 0.10, கவலை இல்லை என்று தோன்றும். ஆனால் 5.10 என்பது போட்ட முதலின் மேல் கணக்கிட்ட எண், 5.00 அப்படியல்ல. பில்லையும் அதே முறைக்கு மாற்றி 5.134 என்று வைத்தால் இடைவெளி கழித்தலில் 0.03. எச்சரிக்கை மணி அடித்தாயிற்று, நமக்குத்தான் கேட்கவில்லை. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி வெளியிடும் மந்தநிலைக் கணிப்பில், பில்லின் விகிதத்தைப் பத்திர இணை விகிதமாக மாற்றிய பிறகுதான் கழிக்கிறார்கள்.

தரவு எடுத்துக் கட்டுரை எழுதுபவர்கள் இதில்தான் வழுக்குகிறார்கள். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் FRED தளத்தில் TB3MS என்று தேடினால் மூன்று மாத பில் விகிதம் 1934 முதல் கிடைக்கும். நீண்ட வரிசை என்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். அது கழிவு விகிதம். அதே தளத்தில் DGS3MO என்ற வரிசை பத்திர முறையில் கணக்கிடப்பட்டது, ஆனால் 1981 செப்டம்பரிலிருந்துதான் தொடங்குகிறது. முதலாவதைப் பத்தாண்டு வரிசையோடு நேராகக் கழிப்பது மேலே சொன்ன தவறே.

பில்லுக்கும் பில்லுக்கும் ஒப்பிடும்போதும் இதே கண்ணி உண்டு. 91 நாள் பில் 5.00 கழிவில் இருக்கிறது, 182 நாள் பில் 4.95 கழிவில் இருக்கிறது. எது மேல்? மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவது. 182 நாள் பில்லின் விலையைப் போட்டுப் பாருங்கள்: 97.4975. பத்திர இணை விகிதம் 5.148. முதலாவதற்கு 5.134. வரிசை தலைகீழாகிவிட்டது.

இங்கே ‘ஆக, பத்திர இணை விகிதத்தை நம்புங்கள்’ என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 91 நாளில் கிடைத்த லாபத்தை அது 365/91-ஆல் வெறுமனே பெருக்குகிறது, அதாவது தனிவட்டி. 91 நாள் பில் முதிர்ந்ததும் முழுத் தொகையையும் அதே விகிதத்தில் இன்னொரு 91 நாள் பில்லில் போட்டால், 182 நாள் முடிவில் நூறு டாலர் 102.577 ஆகியிருக்கும். 182 நாள் பில்லில் போட்ட நூறு 102.567 ஆகும். நூலிழையில் முதலாவது முந்துகிறது! கூட்டுவட்டியாக ஆண்டுக்குச் சொன்னால் 5.23-க்கு 5.21. ஆனால் இது மூன்று மாதம் கழித்து வரும் பில்லும் அதே 5 சதவீதத்தில் கிடைக்கும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. அந்த விகிதம் இன்று யாருக்கும் தெரியாது. 182 நாள் பில்லை வாங்குபவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அந்த நிச்சயத்தை வாங்குகிறார்.

கூட்டுவட்டியின் இதே பிரச்சினை 52 வார பில்லில் பெரிதாகத் தலைதூக்கும். அமெரிக்கக் கருவூலத்தின் நீண்ட காலப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி தருபவை. முதல் அரையாண்டு வட்டியை வாங்கி மறுபடி முதலீடு செய்யலாம். 364 நாள் பில்லில் கடைசிவரை ஒரு சென்ட் வராது. எனவே இரண்டையும் சமமாக ஒப்பிட, பில்லும் நடுவில் ஒரு முறை வட்டி தந்திருந்தால் என்ன விகிதமாக இருந்திருக்கும் என்று கேட்க வேண்டியிருக்கிறது. அரையாண்டுக்கு மேற்பட்ட பில்களுக்குக் கருவூலம் இருபடிச் சமன்பாடு ஒன்றைத் தீர்த்துத்தான் இன்வெஸ்ட்மென்ட் ரேட் போடுகிறது. 5 சதவீதக் கழிவில் 364 நாள் பில்லின் விலை 94.944444. எளிய சூத்திரத்தில் 5.34 வரும்; கருவூலத்தின் அறிக்கையில் 5.27 என்றுதான் இருக்கும். சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, அரசு தப்பாகப் போட்டிருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு விளக்கம் இதுதான்.

இன்னொரு சின்ன விநோதம் லீப் ஆண்டு. பில் வெளியான நாளிலிருந்து தொடங்கும் ஓராண்டுக்குள் பிப்ரவரி 29 வந்தால், கருவூலம் 365-க்குப் பதில் 366 போடும். 2027 ஜூலையில் வெளியாகி அக்டோபரிலேயே முடிந்துவிடும் பில்லுக்கும் இதே விதிதான், அந்த பில் 2028 பிப்ரவரியைப் பார்க்கப்போவதே இல்லை என்றாலும். விலை அதே 98.736111, லாபம் அதே, அறிக்கையில் மட்டும் 5.134 என்பது 5.148 ஆகிவிடும். சற்றுமுன் 91 நாள் பில்லையும் 182 நாள் பில்லையும் பிரித்து வைத்ததும் ஏறக்குறைய இதே அளவுள்ள வித்தியாசம்தான்.

இந்தியாவில் இந்தக் குழப்பம் பெருமளவு இல்லை. ரிசர்வ் வங்கி வழக்கமாகப் புதன்கிழமைகளில் 91, 182, 364 நாள் பில்களை ஏலம் விடுகிறது. முடிவில் வெளியிடுவது வெட்டு விலையும், பக்கத்திலேயே அந்த விலையின் மேல் 365 நாள் கணக்கில் போட்ட வருமான விகிதமும். கழிவு விகிதம் என்ற கட்டமே இல்லை. 2021 நவம்பரில் தொடங்கிய ரீடெய்ல் டைரக்ட் திட்டத்தின் மூலம் பத்தாயிரம் ரூபாய் முகமதிப்பிலிருந்து நாமும் இந்த பில்களை வாங்க முடிகிறது. 98.7361 என்ற விலைக்கு இங்கே 5.13 என்றே போட்டிருக்கும். ஆனால் 364 நாள் பில்லுக்கு இங்கே இருபடிச் சமன்பாடு கிடையாது, தனிவட்டிதான்: அமெரிக்கா 5.27 என்று சொல்லும் அதே விலையை இந்திய முறை 5.34 என்று சொல்லும். டாலர் பில்லையும் ரூபாய் பில்லையும் விகிதத்தை மட்டும் வைத்து ஒப்பிட நினைப்பவர், நாணய மதிப்பைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கும் முன்பே இந்த 7 பேசிஸ் பாயின்டைக் கழித்துக்கொள்ள வேண்டும்.